ஐஸ்பெட்டிக்குள் இன்சுலின்

இன்சுலின் பெட்டியின் பக்கவாட்டில் மூன்று விடயங்கள் ஆங்கிலத்தில் மிகச் சிறிய எழுத்தில் இருக்கும். இரண்டு பாகைக்கும் எட்டுப் பாகைக்கும் இடையில் வைக்க வேண்டும் என்பது ஒன்று. உறைய விடக் கூடாது என்பது மற்றொன்று. திறந்தபின் இத்தனை நாளைக்குள் பாவித்து முடிக்க வேண்டும் என்பது மூன்றாவது. சில பெட்டிகளில் இந்த மூன்றாவது விடயம் வெளியே இருக்காது. உள்ளே பல மடிப்பாக மடித்து வைத்த மெல்லிய தாளில்தான் இருக்கும். அந்தத் தாளை எங்கள் தெருவில் யாரும் விரித்துப் பார்த்ததாக எனக்குத் தெரியாது. பெட்டியோடு சேர்ந்து அதுவும் குப்பைக்குப் போய்விடும்.

எங்கள் வீட்டில் உம்மம்மாவுக்கு நாளைக்கு இரண்டு நேரம் இன்சுலின் ஏற்றுவது என் பொறுப்பு. உயர்தரத்தில் உயிரியல் படிப்பவள் என்பதால் அந்தத் தாளை வாசித்துச் சொல்லும் வேலையும் என்னிடமே வந்தது. வாசிப்பது கடினமாக இருக்கவில்லை. அதை உம்மம்மாவுக்கு விளங்கும் தமிழில் சொல்வதுதான் கடினமாக இருந்தது.

முதலாவது சிக்கல் 'பிரிஜ்' என்ற சொல்லிலேயே தொடங்குகிறது. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பலருக்கு அந்த அலுமாரி முழுவதுமே 'ஐஸ்பெட்டி'. மேல்தட்டு, நடுத்தட்டு, ஐஸ் உறையும் அறை எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பெயர்தான். "மருந்தை ஐஸ்பெட்டியில் வையுங்கள்" என்று பாமசியில் சொல்லி அனுப்பினால், அதிகம் குளிரும் இடமே அதிகம் பாதுகாப்பான இடம் என்று நினைத்து ஐஸ் அறைக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இறைச்சியும் மீனும் அங்கே வைத்தால்தானே கெடாமல் இருக்கின்றன?

இரண்டாவது சிக்கல் 'உறைதல்'. நமது பாடப்புத்தகத்தில் அது சரியான சொல். ஆனால் சமையலறையில் 'உறைவது' தயிர். "இது உறையக் கூடாது" என்று நான் சொன்னபோது உம்மம்மா, "மருந்து எப்படி மகள் உறையும், அதென்ன பாலா?" என்று கேட்டார். "ஐஸ்கட்டி ஆகக் கூடாது" என்று மாற்றிச் சொன்னதும் ஒரு நொடியில் விளங்கிக்கொண்டார்.

மூன்றாவது, 'அறை வெப்பநிலை'. திறந்த குப்பியை அறை வெப்பநிலையில் வைக்கலாம் என்று தாளில் இருக்கும். அந்த அறை நம்முடைய அறையல்ல. மருந்தைப் பொறுத்து 25 அல்லது 30 பாகை செல்சியஸுக்கு மேற்படாத ஓர் அறையையே அது குறிக்கிறது. கச்சான் வீசும் மாதங்களில் கிழக்குக் கரையில் பகல் வெப்பம் 33, 34 பாகையைத் தொடுவது வழக்கம். தகரக் கூரைக்குக் கீழே அதைவிடவும் கூடும். எனவே அந்த வரியை அப்படியே தமிழாக்கினால் பிழையான தகவல்தான் போய்ச் சேரும்.

இந்த மூன்றிலும் எதை முதலில் சொல்ல வேண்டும் என்று யோசித்தபோது எனக்கே ஆச்சரியமான ஒன்று தெரிந்தது. வெப்பமான ஊரில் வாழும் நாங்கள் வெயிலுக்குத்தான் பயப்படுகிறோம். ஆனால் வீடுகளில் இன்சுலினைச் சத்தமில்லாமல் ஒரே இரவில் கெடுத்துவிடக் கூடியது அளவுக்கு மிஞ்சிய குளிர்.

இன்சுலின் ஒரு புரதம். மனித இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள் இரண்டு சங்கிலிகளாக இருக்கின்றன. அந்தச் சங்கிலிகள் ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் மடிந்திருப்பதாலேயே அது உடலில் வேலை செய்கிறது. சாவியின் பல் வளைந்தால் பூட்டு திறக்காது அல்லவா, அதுபோல மடிப்புக் குலைந்தால் இன்சுலின் பயனற்றுப் போகும். குப்பிக்குள் இருக்கும் நீர் ஐஸ் ஆகும்போது மருந்து ஒரு பக்கம் ஒதுக்கப்பட்டு நெருக்கப்படுகிறது. மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. பின்னர் ஐஸ் கரைந்தாலும் அந்தத் திரள் பழையபடி பிரியாது. முட்டையை அவித்தபின் பச்சை முட்டையாக்க முடியாததைப் போன்றதுதான் இதுவும்.

அரச வைத்தியசாலைக் கிளினிக்குகளில் பலருக்குக் கொடுக்கப்படும் கலப்பு இன்சுலின் பால் கலந்த நீர்போலக் கலங்கலாக இருக்கும். அதில் 30 பங்கு விரைவாக வேலை செய்யும் தெளிந்த இன்சுலின். மீதி 70 பங்கு, மெதுவாகக் கரைவதற்காக மிக நுண்ணிய பளிங்குகளாக மிதக்க விடப்பட்டது. ஐஸ் ஆனால் இந்தப் பளிங்குகள் கட்டிபட்டுவிடும். அதன்பின் எவ்வளவு உருட்டினாலும் அவை சீராகக் கலக்காது. ஒரு நாள் ஊசியில் அதிக மருந்தும் மறுநாள் வெறும் நீரும் வரலாம்.

வெப்பம் செய்யும் கேடு வேறு வகை. அது மெதுவானது. 30 பாகையில் ஒரு நாள் இருந்த குப்பி கெட்டுப்போவதில்லை. அதன் ஆயுள்தான் குறைகிறது. நேர் வெயிலும் பூட்டிய வாகனத்தின் உட்புறமும் மட்டும் இதற்கு விலக்கு. அங்கே வெப்பம் சில மணித்தியாலத்திலேயே எல்லை மீறிவிடும்.

இனி பிரிஜ்ஜைத் திறந்து பார்ப்போம். நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது ஒற்றைக் கதவுப் பிரிஜ். மேலே ஐஸ் அறை, அதன் கீழே தட்டுகள், அடியில் மரக்கறிப் பெட்டி. இந்த வகையில் குளிர் ஐஸ் அறையிலிருந்தும் பின்சுவரிலிருந்தும் வருகிறது. ஐஸ் அறைக்கு நேர் கீழே உள்ள தட்டிலும் பின்சுவரோடு ஒட்டிய இடத்திலும் வைத்த பொருள் ஐஸ் அறைக்குள் போகாமலேயே உறைந்துவிடலாம். தக்காளி பின்சுவரில் ஒட்டிக் கண்ணாடிபோல் ஆனதைப் பார்த்திருப்பீர்கள். கதவுத் தட்டு இதற்கு நேர்மாறு. பிள்ளைகள் தண்ணீர்ப் போத்தலுக்காகத் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் வெளிக்காற்றுப் படுவது முதலில் அங்கேதான். ஆகவே பாவிக்காத குப்பிக்கு உகந்த இடம் நடுத்தட்டின் நடுப்பகுதி. மூடியுள்ள ஒரு சிறிய பிளாஸ்ரிக் பெட்டிக்குள் போட்டு, பின்சுவரில் படாமல் வைத்தால் போதும்.

உள்ளே குளிரைக் கூட்டிக் குறைக்கும் திருகியில் உள்ள இலக்கங்கள் பாகைகள் அல்ல. 5 என்று வைத்தால் 5 பாகை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். இலக்கம் கூடக் கூடக் குளிர் கூடும், அவ்வளவுதான். உண்மையான வெப்பநிலையை அறிய ஒரு வெப்பமானி வேண்டும். நடுத்தட்டில் ஒரு கிளாஸ் தண்ணீரை வைத்து அதற்குள் வெப்பமானியை இட்டு, இரவு முழுவதும் விட்டுக் காலையில் கதவைத் திறந்தவுடன் பார்த்தால் சரியான அளவு தெரியும். பேர்லினைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் நோயாளிகளின் வீட்டுப் பிரிஜ்களில் சிறிய வெப்ப உணரிகளை இன்சுலினோடு சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு 17 உணரிகள் பூச்சியத்துக்குக் கீழான வெப்பநிலையைக் காட்டியிருந்தன. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள வீடுகளின் நிலையே இதுதான்.

நம் வீடுகளில் திருகிக்குக் கை போகும் இரண்டு காலங்கள் உண்டு. நோன்பு மாதத்தில் சர்பத்துக்கு ஐஸ் வேண்டும். ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பான் இறைச்சி ஐஸ் அறையில் நிறையும். எங்கள் அயலில் உள்ள ஒரு மாமியின் வீட்டில் நடந்தது இந்த இரண்டாவது வகை. இறைச்சி சீக்கிரம் இறுக வேண்டும் என்று மகன் திருகியை 3இலிருந்து 7க்குத் திருப்பினார். பிறகு அதைப் பழைய இடத்துக்கு மாற்ற யாருக்கும் நினைவு வரவில்லை. மாமியின் கலப்பு இன்சுலின் குப்பி ஐஸ் அறைக்கு நேர் கீழே, பின்பக்கமாக இருந்தது.

பெருநாள் கழிந்து இரண்டு வாரத்தில் மாமியின் சீனி ஏறத் தொடங்கியது. வெறும் வயிற்றில் 140 அளவில் நின்றது 280ஐத் தாண்டியது. பெருநாள் சாப்பாடுதான் காரணம் என்று எல்லோரும் மாமியை ஏசினார்கள். கிளினிக்கில் காலை 18 அலகு, இரவு 10 அலகு என்றிருந்ததை 24, 14 என்று உயர்த்தினார்கள். அதன்பின்னும் சீனி இறங்கவில்லை. சில நாட்களில் அந்தக் குப்பி முடிய, கிளினிக்கிலிருந்து அன்றே கொண்டுவந்த புதிய குப்பியைத் திறந்தார்கள். மூன்றாம் நாள் அதிகாலையில் மாமியின் உடுப்பெல்லாம் வியர்வையில் நனைந்திருந்தது. கை நடுங்கியது, பேச்சுக் குழறியது. சீனியை அளந்தபோது 48. விழுங்கக் கூடிய நிலையில் இருந்ததால் சீனி கரைத்த தண்ணீர் கொடுத்து, பின் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள்.

நடந்தது இதுதான். கெட்ட மருந்துக்கு ஏற்றபடி அளவு உயர்த்தப்பட்டது. பிறகு அந்த உயர்ந்த அளவில் நல்ல மருந்து உள்ளே போனது. இன்சுலின் கெடுவதால் சீனி ஏறும் என்பது பலருக்குத் தெரியும். சீனி ஆபத்தான அளவுக்கு இறங்குவதற்கும் அதுவே வழிவைக்கும் என்பதை நான் மாமியின் வீட்டில்தான் கற்றுக்கொண்டேன். குப்பைப் பையிலிருந்து பழைய குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். உட்சுவரில் ஊசி முனையளவில் வெள்ளை மணிகள் ஒட்டியிருந்தன. அடியில் இருந்த எச்சம் உருட்டியும் கலக்கவில்லை. சாப்பாட்டில் மாற்றமில்லாமல் சீனி திடீரென ஏறினால், அளவைக் கூட்டுவதற்கு முன் குப்பியையும் பிரிஜ்ஜையும் பார்க்க வேண்டும். கிளினிக்குக்குப் போகும்போது குப்பியையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுவது நல்லது.

பார்க்கும் முறை எளிது. தெளிந்த இன்சுலின் எப்போதும் தண்ணீர்போல இருக்க வேண்டும். அதில் கலங்கலோ நூலோ துகளோ தெரிந்தால் பாவிக்கக் கூடாது. கலங்கல் வகையை இரண்டு உள்ளங்கைகளுக்கும் இடையில் பத்துத் தடவை அளவில் மெல்ல உருட்டியபின் பார்க்க வேண்டும். முழுவதும் ஒரே சீரான வெள்ளையாக வந்தால் சரி. கட்டிகள் மிதந்தாலோ, சுவரில் பனி படிந்ததுபோல் இருந்தாலோ அது கெட்டது. இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. வெப்பத்தால் வலுவிழந்த இன்சுலின் பார்வைக்கு அப்படியே நல்லதுபோல இருக்கும். உறைந்து கரைந்ததும் சில வேளை மாற்றம் காட்டாது. உறைந்தது என்று தெரிந்தால் கண் என்ன சொன்னாலும் அதை வீசிவிட வேண்டியதுதான்.

அடுத்தது திகதி. பெட்டியில் 08/2027 என்று இருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள் வரை என்று பொருள். ஆனால் அந்தத் திகதி, மூடி திறக்கப்படாமல், இரண்டு முதல் எட்டுப் பாகைக்குள் இருந்த குப்பிக்கு மட்டுமே உரியது. இறப்பர் மூடியில் முதலாவது ஊசி இறங்கிய கணத்தில் அது செல்லாது. அன்றிலிருந்து இரண்டாவது கணக்குத் தொடங்குகிறது. பெரும்பாலான இன்சுலின்களுக்கு அது 28 நாள். சில வகைகளுக்கு ஆறு வாரம் அல்லது எட்டு வாரம் வரை உண்டு. அதைத் தாள்தான் சொல்லும். தாள் தொலைந்திருந்தால் 28 என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

திறந்த குப்பியைப் பிரிஜ்ஜிலேயே வைத்தால் இந்தக் கணக்கு நீளாதா என்று உம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். நாளைக்கு இரண்டு ஊசி என்றால் 28 நாளில் அந்த இறப்பரில் 56 துளைகள் விழுகின்றன. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் காற்றும், சில வேளை கிருமியும் உள்ளே போகின்றன. கிருமியைத் தடுக்கும் பாதுகாப்புப் பதார்த்தம் குப்பிக்குள் இருக்கிறது. இன்சுலின் மணப்பது அதனால்தான். அதன் காவலுக்கும் ஒரு காலம் உண்டு. குளிரில் வைத்தாலும் துளை துளைதானே.

இந்த 28 நாள் யாரைப் பாதிக்கிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து மில்லிலீற்றர் குப்பியில், ஒரு மில்லிலீற்றருக்கு 100 அலகு வீதம், 1000 அலகு இருக்கிறது. நாளைக்கு 40 அலகு ஏற்றுபவருக்கு அது 25 நாளில் முடிந்துவிடும். அவர் திகதியைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. உம்மம்மாவுக்குக் காலை 10, இரவு 6. நாளைக்கு 16 அலகு என்றால் ஒரு குப்பி 62 நாளுக்குப் போதும். மார்ச் 3இல் திறந்த குப்பிக்கு மார்ச் 31 கடைசி நாள். அதற்குள் அவர் பாவிப்பது 448 அலகு. மீதி 552 அலகு, அதாவது பாதிக்கும் மேல், குப்பியிலேயே நிற்கும். வீண்விரயம் கூடாது என்று வளர்ந்த ஒருவரிடம் பாதி நிறைந்த குப்பியை வீசச் சொல்வது எவ்வளவு கடினம் என்று பாருங்கள். "ஒரு சொட்டும் கெடல்ல மகள், பார் எவ்வளவு வெள்ளையா இருக்கு" என்பார் உம்மம்மா.

அந்த விரயத்துக்கு ஒரு வழி இருக்கிறது. பேனாவில் பொருத்தும் இன்சுலின் உறைகள் மூன்று மில்லிலீற்றரில், 300 அலகுகளோடு வருகின்றன. 16 அலகு ஏற்றுபவருக்கு அது 18 நாளில் முடியும்; எதுவும் மிஞ்சாது. ஆனால் பேனாவும் உறையும் எல்லா இடத்திலும் இலவசமாகக் கிடைப்பதில்லை, விலையும் அதிகம். குறைந்த அளவு ஏற்றுபவர் கிளினிக்கில் இதைப் பற்றிக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. எங்களால் அதை வாங்க முடியவில்லை. ஆகவே மாதத்துக்கு ஒரு குப்பியைத் திறக்கிறோம், மிஞ்சுவதைக் கணக்கில் எடுப்பதில்லை.

திறந்த குப்பியை எங்கே வைப்பது? பிரிஜ்ஜிலிருந்து எடுத்த உடனே ஏற்றினால் குளிரான மருந்து அதிகம் நோகும். அதனால்தான் பாவனையில் உள்ளதை வெளியே வைக்கலாம் என்கிறார்கள். மாரி காலத்தில் நாங்கள் அப்படியே செய்கிறோம். கச்சான் காலத்தில் பிரிஜ்ஜில் வைத்து, ஏற்றுவதற்கு அரை மணித்தியாலம் முன் எடுத்து வைக்கிறோம்.

பிரிஜ் இல்லாத வீடுகளுக்கு முட்டி இருக்கிறது. பெரிய மண்முட்டிக்குள் சிறிய முட்டியை வைத்து, இடையில் ஈரமணலை நிரப்பி, மேலே ஈரத் துணியால் மூட வேண்டும். குப்பியை நனையாமல் ஒரு பெட்டிக்குள் போட்டு உள்முட்டியில் வைக்கலாம். நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. காற்று உலர்ந்திருந்தால் உட்புறம் வெளியைவிடச் சில பாகை குறைந்துவிடும். கச்சான் உலர்காற்று என்பதால், மிகவும் தேவையான காலத்தில்தான் முட்டி நன்றாக வேலை செய்கிறது. மழைக் காலத்தில் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும்போது அதனால் பெரிய பயன் இல்லை. முட்டியை நிழலில், காற்றுப்படும் இடத்தில் வைத்து மணலை நாளைக்கு இரண்டு தடவை நனைக்க வேண்டும்.

இது வெறும் கைவைத்தியம் அல்ல. கென்யாவின் வடக்கில் உள்ள டகஹாலி அகதி முகாமில் பகலில் 37 பாகையும் இரவில் 25 பாகையுமாக வெப்பம் மாறுவதை எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு அளந்தது. அதே ஏற்ற இறக்கத்தை ஜெனீவாப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் உருவாக்கி, இன்சுலினை நான்கு வாரம் வைத்துப் பார்த்தார்கள். 2021இல் முடிவு வெளியானது. குளிரில் இருந்த இன்சுலினுக்குச் சமமாகவே அதுவும் இருந்தது. நான்கு வாரம் என்பதையும், இரவில் வெப்பம் இறங்கியது என்பதையும் சேர்த்தே நாம் இதை வாசிக்க வேண்டும்.

2022 மார்ச் கடைசியில் நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றபோது இந்த விடயம் தெரிந்திருந்தால் பலர் பதறியிருக்கத் தேவையில்லை. மின்வெட்டில் செய்ய வேண்டியது கதவைத் திறக்காமல் இருப்பதுதான். பிரிஜ்ஜில் சில தண்ணீர்ப் போத்தல்கள் நிறைந்திருந்தால் குளிர் இன்னும் நீண்ட நேரம் நிற்கும். திறக்காத குப்பி எட்டுப் பாகையைத் தாண்டி 30க்குள் இருந்திருந்தால் அதை வீசத் தேவையில்லை. அன்றைய திகதியைக் குப்பியில் எழுதி, அன்றே திறந்ததாகக் கருதி 28 நாளைக்குள் பாவிக்கலாம். மின்வெட்டுக்குப் பயந்து குப்பியை ஐஸ்கட்டிகளுக்கு நடுவில் புதைப்பதுதான் ஆபத்து.

கிளினிக்கிலிருந்து கொண்டுவரும்போதும் இதே கதை. கரைந்துகொண்டிருக்கும் ஐஸ் பூச்சியம் பாகையில் நிற்கும். ஆனால் ஐஸ் அறையிலிருந்து அப்போதுதான் எடுத்த கட்டி அதைவிடப் பத்துப் பன்னிரண்டு பாகை கீழே இருக்கலாம். அதன்மேல் குப்பியை நேராக வைத்தால் படும் பக்கம் உறைந்துவிடும். தடுப்பூசி கொண்டுசெல்பவர்கள் இதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஐஸ் பொதியை வெளியே எடுத்து வைத்து, மேற்பரப்பு வியர்த்து, குலுக்கினால் உள்ளே நீர் அசையும் சத்தம் கேட்ட பிறகே பெட்டிக்குள் வைப்பார்கள். நாமும் அப்படிச் செய்து, பொதியைத் துவாயில் சுற்றி, குப்பியை அதில் நேராகப் படாமல் வைக்கலாம். அரை மணித்தியால பஸ் பயணத்துக்கு ஐஸே தேவையில்லை. கைப்பையில் நிழலாக இருந்தால் போதும்.

இவ்வளவையும் ஒரு தாளில் எழுதிப் பிரிஜ் கதவில் ஒட்டினேன். மூன்று தடவை திருத்தியபின் அது இப்படி நின்றது:

"இன்சுலின் நடுத்தட்டில், நடுவில், பெட்டிக்குள். ஐஸ் அறைக்குள்ளும் அதற்கு நேர் கீழேயும் வைக்க வேண்டாம். ஒரு தடவை ஐஸ் ஆனால் மருந்து செத்துவிடும்; கரைந்தாலும் பாவிக்கக் கூடாது. திறந்த நாள்: ____ வீசும் நாள்: ____ திருகி 3இல் இருக்கட்டும். பெருநாளிலும்."

கடைசிச் சொல்லை வாப்பா தன் கையால் சேர்த்தார்.

பிரிஜ்ஜில் வைக்கும் மற்ற மருந்துகளுக்கு இந்தத் தாளைப் பொதுவாக்க முடியாது. ஒவ்வொன்றுக்கும் தனிக் குணம். பிள்ளைகளுக்குக் கொடுக்கும், அமொக்சிசிலினும் கிளவுலானிக் அமிலமும் சேர்ந்த நுண்ணுயிர்க்கொல்லிப் பாணியை எடுத்துக்கொள்ளுங்கள். தூளாக இருக்கும்வரை அது வெளியே இருக்கலாம். ஆறிய கொதிநீர் விட்டுக் கலக்கியபின் பிரிஜ்ஜுக்குப் போக வேண்டும். ஏழு நாளில் மீதியை ஊற்றிவிட வேண்டும். தூளுக்குரிய திகதி போத்தலில் இன்னும் ஒரு வருடம் தள்ளி இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, அடுத்த காய்ச்சலுக்கு என்று எடுத்து வைப்பவர்கள் நிறையப் பேர். கண் அழுத்த நோய்க்கான லட்டனோபிரொஸ்ட் சொட்டுமருந்து இதற்கு நேர் எதிர். திறக்கும்வரை பிரிஜ்ஜில், திறந்தபின் 25 பாகைக்குள் வெளியே நான்கு வாரம். 25 பாகை நம் வீட்டில் கிடைக்காதென்றால் பாமசியில் கேட்டு அதைப் பிரிஜ்ஜிலேயே தொடரலாம். அதன் பிறகு கண்ணில் விடக் கூடாது.

தடுப்பூசிகளிலும் இரண்டு வகை உண்டு. குழந்தைக்கு இரண்டு, நான்கு, ஆறு மாதங்களில் ஏற்றும் ஐந்து நோய்த் தடுப்பூசி, இன்சுலினைப் போலவே உறைந்தால் கெட்டுவிடும். வாயில் விடும் போலியோச் சொட்டுமருந்தோ உறைவதைத் தாங்கும், வெப்பத்தைத் தாங்காது. அதனால் பல தடுப்பூசிக் குப்பிகளில் ஒரு சிறிய வட்டமும் அதற்குள் வெளிறிய சதுரமும் அச்சிடப்பட்டிருக்கும். வெப்பம் படப்படச் சதுரம் கறுக்கும். சதுரம் வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அந்தக் குப்பியைப் பாவிக்க மாட்டார்கள். அடுத்த தடவை தம்பி தங்கையை ஊசிக்குக் கொண்டுபோகும்போது தாதியிடம் கேட்டால் காட்டுவார். இன்சுலின் குப்பியில் அப்படியொரு சதுரம் இல்லை. அதற்குப் பதிலாக நாங்கள் மூடிக்குப் பக்கத்தில் ஒட்டிய ஒரு துண்டு பிளாஸ்ரரில், நீலப் பேனாவால் திறந்த திகதியை எழுதி வைக்கிறோம்.